ஒரே மஸ்டர், இரண்டு ஓ.டி. கணக்கு: வாரம் ஞாயிறில் தொடங்குவதா, திங்களிலா?

2024 ஜூலையில், அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை வைத்து நடந்த உரையாடல் இது.

கொழுந்துக்கணக்கு (கோத்தகிரி, ஜூலை 2024)

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பாட் லீஃப் டீ பேக்டரியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். போன மாதம் வருகைப்பதிவு சாப்ட்வேரை மாற்றினார்கள். ஒரு பாதுகாப்புக்கு ஜூன் மஸ்டரைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்த்தேன். மணி நேரம் மொத்தம் ஒன்றுதான். ஆனால் ஓ.டி. மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவருக்குக் கூடுகிறது, இன்னொருவருக்குக் காணாமல் போகிறது.

நோண்டிப் பார்த்ததில், பழையது வாரத்தை ஞாயிறில் தொடங்குகிறது, புதியது திங்களில். வேறு எந்த அமைப்பும் மாறவில்லை.

இரண்டு பேரை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். இருவருக்கும் ஒரு ஷிப்ட் 8 மணி நேரம், இடைவேளை கழித்து. ஜூன் 2-உம் 16-உம் ஞாயிறு, பேக்டரி லீவு. நடுவில் வரும் ஜூன் 9 ஞாயிறு அன்று வேலை நடந்தது. சனிக்கிழமை மாலை கொழுந்து மலைபோல வந்துவிட்டது, ட்ரஃப்பில் வாடியதை மறுநாள் சி.டி.சி.யில் விட்டே ஆக வேண்டிய நிலை.

டிரையர்காரர்: 3 திங்கள் முதல் 8 சனி வரை ஆறு நாளும் வேலை, 9 ஞாயிறும் வேலை, 11 செவ்வாய் லீவு, மற்றபடி 15 சனி வரை வேலை.

சி.டி.சி. மெஷின்காரர்: 7 வெள்ளி லீவு, 9 ஞாயிறு வேலை, 10 முதல் 15 வரை ஆறு நாளும் வேலை.

இருவரும் இரண்டு வாரத்தில் 12 ஷிப்ட், 96 மணி. பழைய சாப்ட்வேர் மெஷின்காரருக்கு 8 மணி ஓ.டி. காட்டுகிறது, டிரையர்காரருக்கு ஒன்றுமில்லை. புதியது அப்படியே தலைகீழ். எது சரி? இருவருமே என் மேஜை முன்னால் வந்து நிற்கிறார்கள்.

டிரையர்_மச்சான் (மஞ்சூர்)

இதில் என்ன யோசனை? ஞாயிறு வேலை பார்த்தால் டபுள். ரெண்டு பேருக்கும் 8 மணி போட்டுக் கொடுங்க. எங்க பேக்டரியில் அப்படித்தான் கொடுக்கிறார்கள், வாரம் எங்கே தொடங்குது என்று யாரும் கேட்டதில்லை.

ஊட்டிக்குளிர்

மச்சான், உங்கள் பேக்டரியில் யூனியன் ஒப்பந்தம் அப்படி இருக்கலாம், நல்லதுதான். தொழிற்சாலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு கிழமையைப் பார்ப்பதில்லை. ஒரு நாளில் 9 மணிக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் 48 மணிக்கு மேல் போனால் இரட்டைக் கூலி, அவ்வளவுதான். இங்கே நாளுக்கு 8 மணிதான், ஆகவே வாரக் கணக்கு மட்டுமே பேசும்.

வாரம் எப்போது தொடங்குகிறது என்பதும் அதே சட்டத்தில் 2-ஆம் பிரிவிலேயே இருக்கிறது: சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள். ஆக ஞாயிறுதான் முதல் நாள். பழைய சாப்ட்வேர் சரி, புதியது தவறு. மெஷின்காரருக்கு 8 மணி கொடுங்கள், டிரையர்காரருக்கு இல்லை. முடிந்தது.

வட்டக்கானல் (கொடைக்கானல்)

நான் இங்கே ஒரு லாட்ஜில் ஹவுஸ் கீப்பிங் பார்க்கிறேன். சீசனில் சனி ஞாயிறு எங்களுக்கு லீவே கிடையாது, புதன்கிழமைதான் வார லீவு. அப்போ எங்களுக்கு வாரம் வியாழனில் தொடங்குமா? அப்படிக் கணக்குப் போட்டால் மே மாதம் எனக்கு ஓ.டி. வருகிற மாதிரி இருக்கிறது.

சூத்திரப்பட்டை (குன்னூர்)

அக்கா, வார லீவு வேறு, வாரத் தொடக்கம் வேறு. லீவு நாள் புதனுக்குப் போனாலும் வாரம் நகராது. லாட்ஜுக்கு இந்தத் தொழிற்சாலைச் சட்டமே பொருந்தாது, தங்குமிடம் உணவகங்களுக்குத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. உங்கள் மே மாத ஷிப்ட்டைத் தனி இழையாகப் போடுங்கள், கட்டாயம் பார்க்கிறேன்.

கொழுந்துக்கணக்கு சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். சம்பள சாப்ட்வேர் நிறைய பார்த்தவன் என்ற முறையில், புதியது ஏன் திங்களில் தொடங்குகிறது என்று மட்டும் சொல்கிறேன். ஐ.எஸ்.ஓ. 8601 என்ற தேதி எழுதும் முறையில் திங்கள்தான் முதல் நாள். பல மென்பொருள்களில் அதுவே முன்னிருப்பாக வரும். யாரும் தொழிலாளர் சட்டத்தைப் பார்த்து வைத்ததல்ல. அமைப்புகளில் ஓரிடத்தில் மாற்ற வசதி இருக்கும்.

எண்கள் ஏன் இப்படித் துள்ளுகின்றன என்பதற்கு ஒரே காரணம்தான். திங்கள் முதல் சனி வரையான ஆறு நாள் எந்த முறையிலும் சேர்ந்தேதான் இருக்கும், அதை யாரும் பிரிப்பதில்லை. இடம் மாறுவது ஞாயிறு மட்டும். ஞாயிறில் தொடங்கினால் அது பின்னால் வரும் ஆறு நாளோடு சேரும். திங்களில் தொடங்கினால் முன்னால் போன ஆறு நாளோடு சேரும்.

டிரையர்காரருக்கு முன்னால் போன ஆறு நாள் 48, பின்னால் வருவது 40. ஞாயிறின் 8 மணியை முன்னால் சேர்த்தால் 56, ஓ.டி. 8. பின்னால் சேர்த்தால் 48, ஓ.டி. இல்லை. மெஷின்காரருக்கு முதல் ஆறு நாள் 40, அடுத்தது 48, அதனால் விடை திரும்பிவிடுகிறது. ஜூன் 9 லீவாக இருந்திருந்தால் எந்த முறையில் போட்டாலும் வித்தியாசமே வந்திருக்காது. இரு பக்கமும் 48 இருந்திருந்தாலும் வராது, எந்தப் பக்கம் சேர்த்தாலும் 8 ஓ.டி. வந்திருக்கும். ஒரு பக்கம் நிறைந்தும் மறுபக்கம் குறைந்தும் இருந்து, நடு ஞாயிறில் வேலையும் இருந்தால்தான் இந்தத் தகராறு.

அதனால் ‘திங்கள் தொடக்கம் தொழிலாளிக்கு லாபம்’ என்றோ ‘முதலாளிக்கு லாபம்’ என்றோ பொதுவாகச் சொல்ல முடியாது. லீவு எந்தப் பக்கம் விழுந்தது என்பதே தீர்மானிக்கிறது.

டிரையர்_மச்சான்

அப்போ மேனேஜர் நினைச்சா லீவை எந்தப் பக்கம் தள்ளினால் ஓ.டி. போகுமோ அந்தப் பக்கம் தள்ளிடலாமே?

பழைய_மஸ்டர் (குந்தா)

மச்சான் கேட்டதுதான் சரியான கேள்வி. சட்டம் எழுதியவர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது.

நான் டீ பேக்டரி ஆபீஸ்களிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊட்டிக்குளிர் தம்பி சொன்னதில் பாதி ரொம்பச் சரி: 48 மணி, சனி நள்ளிரவு, இரண்டும் சட்டத்தில் உள்ளவை. வேறு இரவை வைத்துக்கொள்ள வேண்டுமானால் தலைமை ஆய்வாளர் அந்தப் பகுதிக்கென்று எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். சாப்ட்வேர் விற்பவர் தந்தால் ஆகாது. மாதத்துக்கு மாதம் மாற்றிக்கொள்ளவும் முடியாது.

ஆனால் அதோடு முடியவில்லை. 52-ஆம் பிரிவைப் படியுங்கள். வாரத்தின் முதல் நாள் லீவு கொடுக்க வேண்டும். அன்று வேலை வாங்க வேண்டுமென்றால் அந்த ஞாயிறுக்கு முந்தைய மூன்று நாளிலோ பிந்தைய மூன்று நாளிலோ ஒரு முழு நாள் மாற்று லீவு தர வேண்டும். அதையும் முன்கூட்டியே ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, பேக்டரியில் ஒட்டியும் வைக்க வேண்டும். எப்படி மாற்றினாலும் முழு நாள் லீவு இல்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் யாரும் வேலை செய்யக்கூடாது.

அதே பிரிவின் 3-ஆம் உட்பிரிவுதான் உங்கள் கணக்குக்கு வேண்டியது. ஞாயிறு வேலை பார்த்தவருக்கு அதற்கு முந்தைய மூன்று நாளில் ஒன்றில் மாற்று லீவு கிடைத்திருந்தால், வார மணி நேரம் கணக்கிடும்போது அந்த ஞாயிறை முந்தைய வாரத்தில் சேர்க்க வேண்டும்.

இப்போது இரண்டு பேருக்கும் போட்டுப் பாருங்கள். டிரையர்காரருக்கு லீவு 11 செவ்வாய், அதாவது ஞாயிறுக்குப் பின்னால் இரண்டாவது நாள். ஆகவே ஞாயிறு தன் இடத்திலேயே, 9 முதல் 15 வரையான வாரத்தில் இருக்கும். 48-உம் 48-உம். ஓ.டி. இல்லை.

மெஷின்காரருக்கு லீவு 7 வெள்ளி. ஞாயிறுக்கு முந்தைய மூன்று நாள் வியாழன், வெள்ளி, சனி. வெள்ளி அதற்குள் வருகிறது. ஆகவே அந்த ஞாயிறு முந்தைய வாரத்துக்குப் போகும். 40-உம் 8-உம் 48. அடுத்த வாரம் 48. அவருக்கும் ஓ.டி. இல்லை.

பழைய சாப்ட்வேர் டிரையர்காரருக்குச் சரி, மெஷின்காரருக்குத் தவறு. புதியது மெஷின்காரருக்குச் சரி, டிரையர்காரருக்குத் தவறு. ஒரே ஒரு தொடக்க நாளை வைத்துக்கொண்டு இருவருக்கும் சரியான விடை எடுக்கவே முடியாது. ஞாயிறு எந்தப் பக்கம் சேரும் என்பதை மாற்று லீவு தீர்மானிக்கிறது.

மச்சானுக்குப் பதில்: லீவை ஞாயிறுக்கு ஒட்டியே கொடுத்தால் ஓ.டி. வராது, அது நியாயமான மாற்றுத்தான், ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் லீவு கிடைத்துவிடுகிறது. தள்ளித் தள்ளிக் கொடுத்தால் தப்பிக்க முடியாது. மெஷின்காரரின் லீவு 7 வெள்ளிக்குப் பதிலாக 3 திங்களில் விழுந்திருந்தால், அது மூன்று நாளுக்கு வெளியே. ஞாயிறு பின்வாரத்திலேயே நிற்கும், 56 ஆகும், 8 மணிக்கு இரட்டைக் கூலி கொடுத்தாக வேண்டும்.

டிரையர்_மச்சான்

இப்போ விளங்குது சார். ஆனாலும் ஞாயிறு டபுள் வாங்கிப் பழகின எனக்கு இது மனசுக்கு ஒப்பலை. ஞாயிறுதான் சந்தைக்குப் போகணும், பிள்ளைங்க வீட்டில் இருக்கும். செவ்வாய் லீவு கொடுத்தால் அது ஈடாகுமா?

பழைய_மஸ்டர்

ஈடாகாதுதான். சட்டம் சொல்வது குறைந்தபட்சம். ஒப்பந்தத்தில் ஞாயிறுக்கு டபுள் என்று இருந்தால் அதைக் கட்டாயம் கேளுங்கள், அதைச் சட்டம் தடுப்பதில்லை. எந்தப் பணம் ஒப்பந்தத்தில் வருகிறது, எந்தப் பணம் 59-இல் வருகிறது என்று ரிஜிஸ்டரில் தனித்தனியாக எழுத வேண்டும், அதுதான் முக்கியம்.

ஊட்டிக்குளிர்

சார், உட்பிரிவு 3 பற்றிச் சொன்னது நல்ல விஷயம். ஒரு சந்தேகம். மெஷின்காரருக்கு வெள்ளிக்கிழமை கொடுத்தது மாற்று லீவுதானா? அவரே சொந்த வேலையாக லீவு போட்டிருந்தால்? அல்லது கொழுந்து வரத்து இல்லை என்று அன்று வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?

கொழுந்துக்கணக்கு

தம்பி கேட்டதும் போய் நோட்டீஸ் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். டிரையர், விதரிங் ஆட்கள் பெயர்களோடு 9-ஆம் தேதிக்குப் பதில் 11-ஆம் தேதி லீவு என்று பட்டியல் ஒட்டியிருக்கிறது, ஆய்வாளர் ஆபீசுக்குப் போன நகலும் இருக்கிறது. அதில் மெஷின்காரர் பெயர் இல்லை. அவர் வெள்ளிக்கிழமைக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், மச்சினன் வீட்டுக் காரியம் என்று. மஸ்டரில் சம்பளத்தோடு கூடிய லீவு என்று போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு சனி சாயந்தரம்தான் ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊட்டிக்குளிர்

அப்படியென்றால் அது மாற்று லீவே இல்லை. அவருடைய சொந்த லீவுக் கணக்கில் கழிந்த நாள். உட்பிரிவு 3 பொருந்தாது. ஞாயிறு பின்வாரத்தில்தான், 56, ஓ.டி. 8. நான் முதலில் சொன்ன விடையே வருகிறது.

பழைய_மஸ்டர்

நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஞாயிறில் வேலை பார்த்ததற்கு ஈடாகக் கொடுத்த லீவைத்தான் அந்தப் பிரிவு பேசுகிறது. வெள்ளிக்கிழமை அவர் லெட்டர் எழுதியபோது ஞாயிறு வேலை என்று யாருக்கும் தெரியாது. நோட்டீஸும் இல்லை. அவருக்கு மாற்று லீவு கொடுக்காமலே ஞாயிறு வேலை வாங்கியது தனித் தவறு.

ஆனால் மேனேஜர் வேறு மாதிரி வாதாடுவார், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘முந்தைய மூன்று நாளில் அவருக்கு ஒரு முழு நாள் ஓய்வு கிடைத்ததா இல்லையா, கிடைத்தது, அவ்வளவுதான்’ என்பார். எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் கேட்க நியாயம்போல இருக்கும்.

சூத்திரப்பட்டை

எனக்கு மேனேஜர் சொல்வதிலும் கொஞ்சம் பொருள் தெரிகிறது. உடம்புக்கு ஓய்வு கிடைத்ததா என்பதுதானே வார லீவின் நோக்கம்?

பழைய_மஸ்டர்

அப்படிப் பார்த்தால் ஈட்டிய லீவு எடுக்கும் ஒவ்வொருவரிடமும் அந்த வாரக் கடைசியில் ஞாயிறு வேலை வாங்கிக் கொள்ளலாம் என்று ஆகிவிடும். அவர் சம்பாதித்து வைத்த ஒரு நாளைக் கழித்து, அதையே வார லீவாகவும் காட்டுவது. ஒரே நாளை இரண்டு தடவை செலவு பண்ணுகிற கணக்கு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சூத்திரப்பட்டை

இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை சார். சம்பளத்தோடு லீவு என்று போட்ட இடத்தில் உங்கள் வாதம் பலமாக இருக்கிறது. கொழுந்து இல்லாமல் திருப்பி அனுப்பிய நாளாக இருந்தால் என்ன செய்வது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை.

அதைவிட இன்னொன்றைப் பார்க்கச் சொல்கிறேன். உங்கள் பேக்டரியில் இரவு ஷிப்ட் உண்டா? சாப்ட்வேர் நள்ளிரவில் மணி நேரத்தை இரண்டாக வெட்டுகிறதா?

கொழுந்துக்கணக்கு

உண்டு. ஃபயர்மேன்கள் இரவு 10 முதல் காலை 6.30 வரை, நடுவில் 2 மணிக்கு அரை மணி இடைவேளை. ஒரு வாரம் இரவு, அடுத்த வாரம் பகல். நீங்கள் கேட்டதும் பார்த்தேன், ஒரு ஃபயர்மேனுக்குப் பழைய சாப்ட்வேரில் 6 மணி ஓ.டி. என்று இருக்கிறது. 6 எப்படி வந்தது என்று புரியாமல் இருந்தேன். ஷிப்ட்டே 8 மணிதானே.

சூத்திரப்பட்டை

அந்த 6 என்ற எண்ணே துப்பு. சனி இரவு 10-க்கு வந்தவர் நள்ளிரவுக்குள் 2 மணியும், அதற்குப் பிறகு இடைவேளை போக 6 மணியும் பார்த்திருக்கிறார். சாப்ட்வேர் தேதியை வைத்து வெட்டி அந்த 6 மணியை ஞாயிறு கணக்கில் எழுதிவிட்டது. வாரம் ஞாயிறில் தொடங்குவதால் அது அடுத்த வாரத்தில் விழுகிறது. அடுத்த வாரம் அவர் திங்கள் முதல் சனி வரை பகல் ஷிப்ட், 48 மணி. ஆறு சேர்ந்து 54. போன வாரம் 42 என்று குறைந்திருக்கும், பாருங்கள்.

திங்கள் தொடக்கம் வைத்தால் இந்தப் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் சனி இரவும் ஞாயிறு விடியலும் ஒரே வாரத்தில் இருக்கும். அதை வைத்துத் ‘திங்கள்தான் சரி’ என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு இரவு ஷிப்ட் ஓடினால் அதே பிழை அங்கே முளைக்கும்.

பழைய_மஸ்டர்

இதற்கும் சட்டத்தில் விடை உண்டு, 57-ஆம் பிரிவு. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்டில், நள்ளிரவுக்குப் பின் பார்த்த மணி நேரம் முந்தைய நாளில் சேரும். அவருக்கு அடுத்த நாள் என்பது ஷிப்ட் முடிந்ததிலிருந்து 24 மணி நேரம். ஆகச் சனி இரவு ஷிப்ட் முழுவதும் சனிதான். இரண்டு வாரமும் 48, ஓ.டி. இல்லை.

கையால் மஸ்டர் எழுதிய காலத்தில் இந்தக் குழப்பம் வராது. ஷிப்ட் தொடங்கிய தேதிக்குக் கீழே ஒரு ‘பி’ போடுவோம், முடிந்தது. விரல் வைக்கும் மெஷின் வந்த பிறகுதான் வந்த நேரம், போன நேரம் இரண்டையும் பிடித்துக்கொண்டு தேதி தேதியாக வெட்டுகிறார்கள்.

கொழுந்துக்கணக்கு

சாப்ட்வேர்காரர் வருவதற்குள் எக்செல்லில் நானே சரிபார்க்க வழி இருக்கிறதா?

சூத்திரப்பட்டை

இருக்கிறது. A பத்தியில் ஷிப்ட் தொடங்கிய தேதி மட்டும் இருக்கட்டும், போன நேரத்தின் தேதி வேண்டாம். இரவு ஷிப்ட் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். பக்கத்துப் பத்தியில் அந்த ஷிப்ட் எந்த வாரம் என்பதை, வாரத்தின் முதல் தேதியாகவே எழுதுங்கள்:

```
=A2-WEEKDAY(A2,1)+1
=A2-WEEKDAY(A2,2)+1
```

முதல் வரி ஞாயிறு தொடக்கம், இரண்டாவது திங்கள் தொடக்கம். 9-6-2024-ஐப் போட்டால் முதலாவது 9-6-2024 என்றே தரும், இரண்டாவது 3-6-2024 தரும். இரண்டும் வேறாக வருவது ஞாயிறுகளுக்கு மட்டும்தான். பிறகு ஆள் வாரியாக, அந்தத் தேதி வாரியாக SUMIFS-ஆல் கூட்டி, 48-க்கு மேல் இருப்பதைப் பாருங்கள். சட்டப்படி எடுப்பது முதல் வரியை. முந்தைய மூன்று நாளில் மாற்று லீவு கொடுத்த ஞாயிறுகளை மட்டும் கையால் ஏழு நாள் பின்னுக்குத் தள்ளுங்கள்.

WEEKNUM-ஐ வைத்துக் கூட்ட வேண்டாம். அது ஜனவரி 1 அன்று எண்ணை 1-க்குத் திருப்பிவிடும். இந்த வருடக் கடைசியில் டிசம்பர் 29 ஞாயிறு தொடங்கும் வாரம் ஜனவரி 4 வரை போகிறது. WEEKNUM அதை மூன்று நாளும் நாலு நாளுமாக உடைத்துவிடும். 56 மணி பார்த்தவர்கூட 24, 32 என்று இரண்டு குட்டி வாரமாகத் தெரிவார், ஓ.டி. மாயமாகிவிடும்.

வட்டக்கானல்

தம்பி, தனி இழை போட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி ஷிப்ட் தொடங்கிய தேதியை வைத்து எழுதியிருக்கிறேன்.

கொழுந்துக்கணக்கு

எக்செல்லில் போட்டுவிட்டேன். டிரையர்காரருக்கு ஓ.டி. இல்லை என்று நோட்டீஸ் நகலைக் காட்டிச் சொன்னேன். 11-ஆம் தேதி லீவு எடுத்ததை அவரும் ஒப்புக்கொண்டார். ஃபயர்மேனுக்கு வந்த 6 மணி நீக்கப்படுகிறது, அவரிடம் இரண்டு வாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினேன், கோபம் இருந்தாலும் 42 என்ற எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

மெஷின்காரருக்கு 8 மணி போட்டு, லீவு லெட்டரை இணைத்து மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறேன். ‘வெள்ளிக்கிழமை வீட்டில்தானே இருந்தார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய_மஸ்டர் சார் சொன்ன வாதத்தை எழுதி மறுபடி மேலே வைத்திருக்கிறேன். அவருக்கு ஜூன் 9-க்கான மாற்று லீவே பாக்கி இருக்கிறது என்பதையும் சேர்த்திருக்கிறேன். சாப்ட்வேர்காரர் வியாழன் வருகிறார், வாரத் தொடக்கத்தை ஞாயிறுக்கு மாற்றுவதோடு, மாற்று லீவு தேதியைப் பதிய ஒரு பத்தி கேட்கப் போகிறேன்.

ஊட்டிக்குளிர்

அந்தப் பத்தியில் லீவு தேதியை மட்டும் வைக்காதீர்கள், நோட்டீஸ் ஒட்டிய தேதியும் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த லீவையும் பிறகு மாற்று லீவு என்று சொல்லிவிடலாம்.